எட்டூர்வட்டம் தாண்டியாச்சா?

மதுரையில் பைபாஸ் என்று சொன்னால் மூன்று இடங்கள் இருக்கின்றன. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூரு பஸ்ஸைக் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது மதுரை அண்ணாநகரில்.

முதலில் ஏன் பைபாஸுக்குப் போக வேண்டி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை பெங்களூருவில். மாதம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவேன், ஞாயிறு ராத்திரி திரும்புவேன். மதுரையிலிருந்து கிளம்பும் பெங்களூரு ஆம்னி பஸ்கள் மாட்டுத்தாவணியில் ஏற்றிக்கொள்ளும். வீட்டிலிருந்து பத்து நிமிஷம், ஒரு கவலையும் கிடையாது. ஆனால் ஞாயிறு ராத்திரி டிக்கெட் ஒன்று தீர்ந்திருக்கும், இல்லையென்றால் விலையைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடத் தோன்றும். அப்போது கண்ணில் படுவது நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ்கள். அவற்றில் நாலைந்து படுக்கை மிச்சம் இருக்கும், விலையும் முந்நூறு நானூறு குறைவாக இருக்கும்.

அந்த பஸ்கள் மதுரை ஊருக்குள் வராது. அதற்குக் காரணம் சாலையின் போக்கு. கன்னியாகுமரியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 திருமங்கலம், கப்பலூர் தாண்டியதும் மதுரைக்கு மேற்கே ஒதுங்கி, நாகமலை புதுக்கோட்டை வழியாகச் சமயநல்லூர், வாடிப்பட்டி, திண்டுக்கல் என்று போய்விடும். சென்னைக்குப் போகிற பஸ்ஸாக இருந்தால் கப்பலூரில் ரிங் ரோட்டில் திரும்பி மாட்டுத்தாவணியை ஒட்டித்தான் மேலூர்ப் பக்கம் போக வேண்டும். அதனால் சென்னைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெங்களூரு பஸ் மாட்டுத்தாவணிக்கு வந்தால், ஊரின் கிழக்கு மூலைக்கு வந்துவிட்டு மறுபடி ஊரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மேற்கே போக வேண்டும். நாலு பேரை ஏற்றுவதற்காக முக்கால் மணி நேரம் யார் செலவழிப்பார்கள்? டிரைவர் இடத்தில் நான் இருந்தாலும் போக மாட்டேன்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். டிக்கெட்டில் ஏறும் இடம் என்ற இடத்தில் "மதுரை பைபாஸ், 10.40" என்று மட்டும் இருந்தது. மதுரைக்காரிக்கு பைபாஸ் தெரியாதா? காளவாசலிலிருந்து பழங்காநத்தம் வரை போகும் சாலைக்கு பைபாஸ் ரோடு என்றுதான் பெயர். கடைப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கும், ஆட்டோக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்கு வெளியே என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த சாலை. இன்றைக்கு அதன் இரண்டு பக்கமும் நகைக்கடை, துணிக்கடை, ஆஸ்பத்திரி, பிரியாணிக்கடை. ஊர் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் பத்தே காலுக்கே போய் பொன்மேனி பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமை வேறு.

பத்து இருபத்தைந்துக்கு போன் வந்தது.

"பெங்களூர் பஸ்லேருந்து பேசுதேன். எங்க நிக்கீங்க?"

"பைபாஸ்லதாங்க. பொன்மேனி பக்கம்."

"பொன்மேனியா? அது எங்க இருக்கு? நாங்க கப்பலூர் டோல்ல வந்துட்டோம். நாகமலை புதுக்கோட்டைக்கு வந்துருங்க."

திருநெல்வேலிக்காரருக்குப் பொன்மேனி தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு மதுரை பைபாஸ் என்றால் நாலுவழிச் சாலைதான். கப்பலூர் டோலிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வண்டிக்குப் பதினைந்து நிமிஷம். எனக்குப் பொன்மேனியிலிருந்து அங்கே ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் ஆப்பில் ஆட்டோ கிடைக்கவே எட்டு நிமிஷம் ஆனது. காளவாசல் சிக்னலில் ஒரு முழுச் சுற்று நின்றோம். விராட்டிபத்து, அச்சம்பத்து எல்லாம் தாண்டி அங்கே போய் இறங்கும்போது மணி 10.52. இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வண்டி ஐந்தாறு நிமிஷத்துக்கு முன்னால்தான் போனதாக போனில் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். டிக்கெட் பணம் திரும்பவில்லை. ஏறும் இடத்துக்குப் பயணி வரவில்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. அதே ஆட்டோவில் ஆரப்பாளையம் போய், சேலத்துக்கு அரசு பஸ் ஏறி, சேலத்தில் மாறி, மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெங்களூரு போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊர்கோலத்துக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். மதுரைக்கு மூன்று பைபாஸ். ஒன்று, ஊருக்குள் இருக்கும் பைபாஸ் ரோடு. இரண்டாவது, கப்பலூரிலிருந்து மண்டேலா நகர், விரகனூர், பாண்டி கோவில் வழியாக மாட்டுத்தாவணி, உத்தங்குடி வரை ஊரின் கிழக்கைச் சுற்றி வரும் ரிங் ரோடு. வெளியூர் டிரைவர்கள் சிலர் அதையும் பைபாஸ் என்பார்கள். மூன்றாவது, மேற்கே போகும் நாலுவழிச் சாலை. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் எந்த பைபாஸ் என்று முடிவு செய்ய முடியும். சென்னை என்றால் ரிங் ரோடு. பெங்களூரு, சேலம் என்றால் நாலுவழிச் சாலை. ஊருக்குள் இருக்கும் பைபாஸ் ரோடு தெற்கேயிருந்து வரும் இந்த பஸ்களின் பாதையில் இல்லை. நான் நின்றது அங்கேதான்.

இது மதுரைக்கு மட்டும் உரிய குழப்பம் இல்லை. ஊர் வளர வளர பழைய பைபாஸ் ஊருக்குள் வந்துவிடும், அதற்கு வெளியே புதிதாக ஒன்று போடுவார்கள், பெயரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். அதனால் டிக்கெட்டில் பைபாஸ் என்று மட்டும் இருந்தால், பஸ் அலுவலகத்துக்குப் பகலிலேயே போன் போட்டு ஒரு பெட்ரோல் பங்கோ, ஒரு ஓட்டலோ, ஏதாவது ஒரு கட்டடத்தின் பெயரை வாங்கிக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஓடுகிற வண்டியில் இருப்பவரிடம் கேட்டால் "பைபாஸ்லதான் மேடம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. இன்னொன்று, சில டிக்கெட்டுகளில் மாட்டுத்தாவணி 9.30 என்று போட்டு, பக்கத்தில் பிக்கப் வேன் என்று இருக்கும். அங்கே வருவது பஸ் இல்லை, பைபாஸ் வரை கொண்டுபோய் விடும் வேன். வேன் கிளம்பியது கிளம்பியதுதான். பஸ் பிறகுதானே வரும் என்று மெதுவாகப் போனால் இரண்டும் கிடைக்காது.

இடம் தெரிந்துவிட்டது. அடுத்தது நேரம். இதில்தான் நான் நிறைய யோசித்தேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் 10.40 என்பது வண்டி திருநெல்வேலியில் சரியான நேரத்துக்குக் கிளம்பி, வழியில் எங்கும் தாமதம் இல்லாமல் வந்தால் இருக்கும் நேரம். நடுவில் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நாலு இடத்தில் ஆள் ஏற்ற வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவர் "இதோ வந்துட்டேன், ரெண்டு நிமிஷம்" என்பார். ஆகவே பெரும்பாலும் கால் மணியிலிருந்து முக்கால் மணி வரை தாமதம். சரி, தாமதமாகத்தானே வரும் என்று நாமும் தாமதமாகக் கிளம்பினால், அன்றைக்குப் பார்த்து சாத்தூரில் ஏற வேண்டியவர் டிக்கெட்டை ரத்து செய்திருப்பார், வண்டி பறந்து வந்துவிடும். கடிகாரத்தை நம்பி இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பது எனக்கு மூன்றாவது தடவையில் புரிந்தது.

நான் நம்புவது டோல்கேட்டை. திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நடுவே இந்தச் சாலையில் மூன்று சுங்கச்சாவடிகள் வரும். கயத்தாறு பக்கம் சாலைப்புதூர். சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவில் எட்டூர்வட்டம். திருமங்கலத்தை ஒட்டிக் கப்பலூர். (கப்பலூர் டோலை எடுக்கச் சொல்லித் திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். அது தனிக் கதை.) டோல் என்பது எந்த வண்டியும் மெதுவாகிக் கடந்துதான் ஆக வேண்டிய இடம். டிரைவர், கிளீனர், டிராக்கிங் லிங்க் மூன்று பேருக்கும் ஒரே பெயரில் தெரிந்த இடமும் அதுதான். எட்டூர்வட்டத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு ஆள் ஏற்றும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக, ஆட்டோ கிடைக்கும் நேரம் பத்து நிமிஷம், கோரிப்பாளையம், செல்லூர், ஆரப்பாளையம், காளவாசல் நெரிசலோடு பயணம் முப்பத்தைந்து நாற்பது நிமிஷம். ஆக ஐம்பது நிமிஷம். பத்து நிமிஷம் கையில் மிச்சம். அதனால் என் கணக்கு ரொம்பச் சுருக்கம்: வண்டி எட்டூர்வட்டம் தாண்டும்போது நான் ஆட்டோ புக் செய்ய வேண்டும். சாலைப்புதூரில் இருந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். திருமங்கலத்தில் இருந்தால் நான் ஏற்கெனவே காளவாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

இதே முறையை யாரும் தங்கள் ஊருக்குப் பொருத்திக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பைபாஸுக்கு ஆகும் நேரத்தோடு பத்து நிமிஷத்தைக் கூட்டிக்கொண்டு, பஸ் அதே நேரத்தில் எந்த டோலில் இருக்கும் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஏறும்போது, நம்முடைய இடத்திலிருந்து பின்னால் இருக்கும் டோலை வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது, நம் இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வைத்தால் போதும். அடுத்த தடவைக்கு அந்த எண் பெரிய அளவில் மாறாது. மாறுவது டோலுக்கு முன்னால் நடக்கும் தாமதங்கள்தான்.

கிளீனரிடம் கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "எப்ப வருவீங்க?" என்றால் எப்போதும் ஒரே பதில்தான் வரும், பத்து நிமிஷம். கோவில்பட்டியில் இருந்தாலும் பத்து நிமிஷம்தான். அவர் பொய் சொல்லவில்லை, நாற்பது பேர் கேட்கிற கேள்விக்கு வாயில் தயாராக இருக்கிற பதில் அது. "எட்டூர்வட்டம் தாண்டியாச்சா அண்ணே?" என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன்: "சாப்பாட்டுக்கு எங்க நிறுத்துவீங்க?" நான் ஏறுவதற்கு முன்னால் நிறுத்தினால் என் கணக்கில் இருபது இருபத்தைந்து நிமிஷம் கூடும். நான் ஏறிய பிறகு என்றால் எனக்குக் கவலை இல்லை.

டிராக்கிங் லிங்க் கைகொடுக்கும், ஆனால் அதைப் பார்க்கும் விதம் ஒன்று இருக்கிறது. பஸ் கிளம்பியதும் பதிவு எண், கிளீனர் போன் நம்பர் எல்லாம் சேர்த்து மெசேஜில் லிங்க் வரும். வரைபடத்தில் பஸ் நிற்கும் இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தத் தகவல் எத்தனை மணிக்குக் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை விருதுநகருக்குத் தெற்கே பஸ் இருபது நிமிஷமாக அசையாமல் நின்றது. சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நானும் அம்மா கையால் இன்னொரு தோசை வாங்கிச் சாப்பிட்டேன். கீழே பார்த்தால், கடைசித் தகவல் இருபது நிமிஷத்துக்கு முந்தையது. கருவி பேசுவதை நிறுத்திவிட்டது, பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போன் போட்டால், "திருமங்கலம் வந்துட்டோம்" என்றார்.

அன்றைக்கு எப்படித் தப்பித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதமானவர்களுக்கு உண்மையில் உதவுவது இதுதான். மணி 10.35. நான் இன்னும் வீட்டில். வண்டி நாகமலை புதுக்கோட்டைக்கு வர இருபது நிமிஷம். எனக்கு அங்கே போக நாற்பது நிமிஷம். ஓடினாலும் முடியாது. ஆனால் அதே சாலையில் நாகமலைக்கு அடுத்தபடியாகச் சமயநல்லூர் இருக்கிறது, அதற்கு வண்டிக்கு இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். எங்கள் வீடு வைகைக்கு வடக்கே. நாகமலைக்குப் போக நான் ஆற்றைத் தாண்டித் தெற்கே போய்ப் பிறகு மேற்கே போக வேண்டும். சமயநல்லூருக்கு ஆற்றைத் தாண்டவே வேண்டாம், பாத்திமா கல்லூரி, பரவை வழியாகத் திண்டுக்கல் ரோட்டில் நேராகப் போய்விடலாம். ராத்திரியில் அந்தச் சாலை காளவாசல் வழியைவிடக் காலியாகவும் இருக்கும். கிளீனரிடம் சமயநல்லூரில் ஏறிக்கொள்கிறேன் என்றேன். "அங்க நமக்குப் பாயிண்ட் இருக்கு, ஆனா லேட்டாச்சுன்னா நிக்க மாட்டோம்" என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கை எடுத்தான். நான் போய் இறங்கி நாலு நிமிஷம் கழித்து வண்டி வந்தது.

அதன் பிறகு நான் நாகமலையில் ஏறுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டேன். ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சமயநல்லூர், தெற்கே இருப்பவர்களுக்கு நாகமலை, திருநகர், திருப்பரங்குன்றம் பக்கம் இருப்பவர்களுக்குக் கப்பலூர் என்று நானே பிரித்துக்கொண்டேன். டிக்கெட் போடும்போது ஏறும் இடங்களின் பட்டியலில் எல்லோரும் பெயர் தெரிந்த இடத்தை அமுக்கிவிடுகிறோம். பஸ் போகிற திசையில் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பார்த்து, நமக்கு எட்டக்கூடியதில் கடைசி இடத்துக்கு முந்தையதை எடுத்தால், ஏதாவது தவறினால் ஓடிப் பிடிக்க இன்னோர் இடம் மிச்சம் இருக்கும். கடைசி இடத்தையே எடுத்துவிட்டால் அப்புறம் திண்டுக்கல்தான். ஆனால் ஒன்று, இடத்தை மாற்றுவதாக இருந்தால் கிளீனருக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது. பழைய இடத்தில் வந்து தேடிவிட்டு, வரவில்லை என்று குறித்துவிட்டு, சமயநல்லூரை நிற்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

போன தை மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. கூடவே ஒரு சூட்கேஸ், அரிசி மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு. பைக் எல்லாம் சரிப்படாது. ஆட்டோ, அதுவும் தெரிந்த ஆட்டோ. பைபாஸுக்கு ராத்திரி ஆட்டோ கூப்பிட்டால், அங்கிருந்து திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்பதால் பாதிப் பேர் ஆப்பில் ஒத்துக்கொண்டுவிட்டு ரத்து செய்வார்கள். அதனால் தெருமுனை ஸ்டாண்டில் ஒருவரிடம் மாலையிலேயே பேசி வைத்துவிடுகிறேன். காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்து நானூறு ரூபாய். அதிகம்தான், ஆனால் கைவிட்டுப் போன ஒரு பஸ் டிக்கெட்டைவிடக் குறைவு.

ஆட்டோவில் ஏறியதும் அவரிடம் முதலில் சொன்னது எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்பதை. நாலுவழிச் சாலையில் இது பெரிய விஷயம். நடுவில் தடுப்பு, அதில் அரளிச்செடி. பெங்களூரு போகிற வண்டி வடக்கே பார்த்து வரும், நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் அது மேற்குப் பக்கச் சாலையில் வரும். மதுரை இருப்பது கிழக்கே. ஊருக்குள்ளிருந்து போகிற ஆட்டோ சும்மா விட்டால் கிழக்குப் பக்கமே இறக்கிவிடும், அது திருமங்கலம் போகிற பக்கம். பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று ஹாரன் அடிக்கும், நடுவில் எண்பதில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். தனியாக வந்த ஒரு ராத்திரி நான் அந்தத் தடுப்பில் ஏறிக் குதித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அம்மாவோடு அதெல்லாம் நடக்குமா? "திண்டுக்கல் போற பக்கம் விடுங்கண்ணே, ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றேன். கிழக்கு மேற்கு என்று சொன்னால் ராத்திரியில் யாருக்கும் புரியாது. அந்தப் பக்கத்துச் சாலை அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

நாலுவழிச் சாலையில் பாலம் வரும் இடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வண்டி பாலத்தின் மேலேயே போய்விடுமா, கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி வருமா என்பது. கீழே டீக்கடை வெளிச்சத்தில் நாம் காத்திருப்போம், தலைக்கு மேலே வண்டி போய்விடும். இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: "சர்வீஸ் ரோட்டுல இறங்கி வருவீங்களா, மேலேயே போவீங்களா?" சில டிரைவர்கள் இறங்குவார்கள், சிலர் பாலம் முடிந்து சர்வீஸ் ரோடு மறுபடி பெரிய சாலையில் சேரும் இடத்துக்கு வரச் சொல்வார்கள். அந்தச் சேரும் இடம் சில நேரம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அம்மாவையும் அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடக்க முடியாது என்பதால் ஆட்டோவை அனுப்பாமல் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எங்கே நிற்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர் நகர்கிறது. டிரைவர் நம்மைப் பார்த்து, பயணிகள் படுக்கையிலிருந்து உருளாமல் பிரேக் போட்டு நிறுத்தினால் நம்மைத் தாண்டி நூறு மீட்டராவது போய்த்தான் நிற்கும். அப்புறம் நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சம் இருக்கிற இடத்தில், அதைத் தாண்டிய முன்முனையில் நிற்கிறேன். டிரைவருக்கு பங்க் வெளிச்சம் தூரத்திலேயே தெரியும், அங்கேதான் ஆள் நிற்கும் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார், நம் பக்கத்தில் வந்து நிற்கும். அது மட்டுமில்லாமல், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் நெடுஞ்சாலை ஓரம் இருட்டில் நிற்பதைவிட பங்க் ஊழியர்கள் கண்ணில் படும்படி நிற்பது நல்லது. பங்க் ஆட்கள் பழகிவிட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அம்மாவுக்கு எடுத்துப் போட்டார்கள்.

ஞாயிறு ராத்திரி அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆம்னி பஸ்கள் வரும். ஒரே கம்பெனியின் பஸ்கள் ஒரே நிறத்தில் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்குமாகப் போகும். நிறத்தைப் பார்த்துக் கையைக் காட்டினால் தவறான பஸ் நிற்கும், கிளீனர் திட்டுவார், அந்தச் சத்தத்தில் நம் பஸ் பக்கத்து டிராக்கில் தாண்டிப் போய்விடும். மெசேஜில் வந்த பதிவு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், தூரத்து எழுத்து என்னைவிட நன்றாகத் தெரியும்.

கிளீனருக்கு போன் போட்டேன். கப்பலூர் டோலில் வரிசை அதிகம் என்றார். ஆட்டோக்கார அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக எண் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பஸ்கள் போயின. நாலாவது வண்டி இன்டிகேட்டர் போட்டதும், நான் போன் டார்ச்சை அடித்துத் தரையை நோக்கி மேலும் கீழும் ஆட்டினேன். டிரைவர் கண்ணில் அடிக்கக் கூடாது.

"நாலாயிரத்து முந்நூத்தி அஞ்சு, நம்மளுதுதான்" என்று அம்மா எழுந்துகொண்டாள். வண்டி நாற்காலிக்கு நேராக வந்து நின்றது. அரிசி மூட்டையைப் பார்த்ததும் கிளீனர் முகம் சுளித்தார், ஆனாலும் டிக்கியைத் திறந்தார்.